வெப்கேம் பதிவு இருப்பதாக மிரட்டி பிட்காயின் கேட்கும் மெயில்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

இரவு பதினொன்றரை மணிக்கு என் சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணா, தனியா இருக்கீங்களா? அண்ணிக்குக்கூடத் தெரிய வேண்டாம்" என்றான். குரல் நடுங்கிக்கொண்டிருந்தது. அன்று மாலை அவனுக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. அனுப்பியவர் என்ற இடத்தில் அவனுடைய முகவரியே இருந்தது. தலைப்பில் அவனுடைய பாஸ்வேர்டு. உள்ளே இருந்ததன் சாரம் இதுதான்: நீ ஆபாசத் தளம் பார்த்தபோது உன் கணினியில் ஒரு நிரலை ஏற்றிவிட்டேன், வெப்கேம் வழியாக உன்னைப் பதிவு செய்தேன், 48 மணி நேரத்துக்குள் 1,400 டாலரை பிட்காயினாக அனுப்பாவிட்டால் உன் தொடர்பில் இருக்கும் எல்லோருக்கும் வீடியோ போகும்.

"அனுப்பிடட்டுமா அண்ணா? பணம் போனா போகட்டும்."

"அந்த மெயில்ல உன் படம் இருக்கா? ஒரே ஒரு படமாவது?" என்று கேட்டேன்.

"இல்ல."

"அப்போ பணம் அனுப்பாதே. பதிலும் எழுதாதே. மெயிலை அழிக்கவும் செய்யாதே. லேப்டாப்பை எடு, சேர்ந்து பார்ப்போம்."

மெயில் சர்வர்களைப் பராமரிப்பதுதான் என் வேலை. பாஸ்வேர்டைக் காட்டி மிரட்டும் இந்த வகை மெயில் 2018 ஜூலையில் பெரும் அலையாகக் கிளம்பியது. அன்றிலிருந்து வாசகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருக்கிறதே தவிர எலும்புக்கூடு மாறவில்லை. இந்த மெயிலைப் படித்துவிட்டு யாரிடமும் சொல்ல முடியாமல் இரவெல்லாம் விழித்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு வந்த மெயிலில் எது உங்களைக் கலங்கடித்ததோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று.

முதல் சோதனை: படம் இருக்கிறதா?

மிரட்டுகிறவன் கையில் உண்மையிலேயே வீடியோ இருந்தால், அதிலிருந்து ஒரு படத்தை வெட்டி மெயிலில் ஒட்ட அவனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு படம் ஆயிரம் வார்த்தை மிரட்டலைவிட வேகமாகப் பணத்தைக் கறந்துவிடும். ஆனாலும் இந்த மெயில்களில் அது இருப்பதில்லை. பாஸ்வேர்டைக் காட்டுவான், போன் எண்ணைக் காட்டுவான், வீட்டு முகவரியைக்கூடக் காட்டுவான். வீடியோவை மட்டும் வார்த்தையால் வர்ணிப்பான். அந்த வர்ணனையையும் உற்றுப் பாருங்கள். எந்தத் தேதி, எந்தத் தளம், எந்த அறை, என்ன சட்டை என்று எதுவுமே இருக்காது. "திரையின் ஒரு பக்கம் நீ பார்த்தது, மறுபக்கம் நீ" என்பது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

கேமராவை ஊடுருவவே முடியாது என்று நான் சொல்லவில்லை. முடியும். அமெரிக்காவில் 2013-ல் ஒரு கல்லூரி மாணவர் பல பெண்களின் கணினிகளில் தொலைக்கட்டுப்பாட்டு நிரலை ஏற்றி வெப்கேம் வழியாகப் படம் எடுத்து மிரட்டியதற்காகக் கைதானார்; அடுத்த ஆண்டு 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அங்கே மிரட்டலோடு உண்மையான படமும் வந்தது. நிஜத்துக்கும் வெற்று மிரட்டலுக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

அறிகுறி: மெயிலில் என் பாஸ்வேர்டு இருக்கிறது

நெஞ்சு அடைப்பது இங்கேதான். யாருக்கும் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரிந்திருக்கிறதே, அப்படியானால் மற்றதும் உண்மையாகத்தானே இருக்கும் என்று மனம் தாவிவிடுகிறது. ஆனால் அந்த பாஸ்வேர்டு பெரும்பாலும் உங்கள் கணினியிலிருந்து போனதல்ல. எப்போதோ நீங்கள் கணக்கு வைத்திருந்த ஏதோ ஒரு தளத்திலிருந்து போனது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். லிங்க்டுஇன் தளத்திலிருந்து 2012-ல் பயனர் தகவல்கள் திருடுபோயின. நான்கு ஆண்டு கழித்து, 2016-ல், ஏறக்குறைய 11.7 கோடி மெயில் முகவரிகளும் பாஸ்வேர்டுகளும் கள்ளச் சந்தையில் விலைக்கு வந்தன. பாஸ்வேர்டுகள் மறையாக்கப்பட்ட வடிவில்தான் இருந்தன. ஆனால் அந்த மறையாக்கம் பலவீனமானது என்பதால் பெரும்பாலானவற்றை உடைத்துவிட்டார்கள். இதுபோல எத்தனையோ தளங்களின் பட்டியல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து இப்போது கோடிக்கணக்கான வரிகளாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரு வரியில் மெயில் முகவரி, பக்கத்தில் பாஸ்வேர்டு. மிரட்டல்காரன் செய்வதெல்லாம் ஒரு மாதிரிக் கடிதம் எழுதி, பட்டியலை நிரலுக்குக் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் கடிதத்தின் காலியிடத்தில் நிரப்பச் சொல்வதுதான். திருமண அழைப்பிதழ் உறைகளில் பெயர் அச்சிடுவது போன்ற வேலை. உங்களை அவன் பார்த்ததே இல்லை.

என் தம்பியிடம், "இந்த பாஸ்வேர்டை எப்போ, எங்கே வெச்சிருந்தே?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "படிப்பு முடிஞ்சு வேலை தேடினப்போ ஒரு சைட்ல வெச்சது. எட்டு வருஷம் இருக்கும்" என்றான். அவனுடைய இப்போதைய லேப்டாப்புக்கு வயது மூன்று. எட்டு வருடத்துக்கு முந்தைய பாஸ்வேர்டை அந்த லேப்டாப்பில் அவன் ஒருமுறைகூடத் தட்டியதில்லை. இந்த லேப்டாப்பில் விசைகளைப் பதிவு செய்யும் நிரல் இருந்திருந்தால் அது பிடித்திருக்க வேண்டியது போன வாரம் தட்டிய பாஸ்வேர்டை. இந்தக் கணக்கை அவனே போட்டுப் பார்த்தபோதுதான் குரலில் நடுக்கம் குறைந்தது.

நீங்களும் இப்படிச் செய்யுங்கள். `haveibeenpwned.com` தளத்தில் உங்கள் மெயில் முகவரியைக் கொடுத்தால், எந்தெந்தத் தகவல் கசிவுகளில் அது இருக்கிறது என்று காட்டும். டிராய் ஹன்ட் என்ற பாதுகாப்பு வல்லுநர் 2013-லிருந்து நடத்திவரும் சேவை இது. பாஸ்வேர்டு கசிந்த தளத்தின் பெயர் பெரும்பாலும் அதில் சிக்கிவிடும். சிக்காமலும் போகலாம், எல்லாக் கசிவும் அங்கே வந்து சேர்வதில்லை. அதனால் பெயர் இல்லையென்றால் வெப்கேம் கதை உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது, அந்த பாஸ்வேர்டு இன்றைக்கும் எங்காவது புழக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதுதான் நிஜமான ஆபத்து, வீடியோ அல்ல. அதே பட்டியலை வாங்கிய இன்னொருவன் மிரட்டாமல், சத்தமில்லாமல் உங்கள் கணக்கில் நுழைந்து பார்க்கலாம். முதலில் மெயில் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளையும் மீட்கும் சாவி அங்கேதான் வந்து சேர்கிறது. பிறகு வங்கி, பிறகு மற்றவை. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு வைத்து, இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

அறிகுறி: என் முகவரியிலிருந்தே எனக்கு மெயில் வந்திருக்கிறது

"உன் கணக்குக்குள் நான் இருக்கிறேன், நம்பாவிட்டால் அனுப்பியவர் யார் என்று பார்" என்று எழுதியிருப்பான். இதற்கு விடை மெயிலின் உள்ளேயே இருக்கிறது.

மெயில் அனுப்பும் நெறிமுறை, அனுப்புநர் முகவரி உண்மையா என்று தானாகச் சோதிப்பதில்லை. தபால் உறையின் பின்புறம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிப் பெட்டியில் போடலாம் அல்லவா, அப்படித்தான். சோதனைகள் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. அந்தச் சோதனைகளின் முடிவை, மெயிலைப் பெற்றுக்கொண்ட சர்வர் ஹெடரில், அதாவது மெயிலோடு மறைந்து வரும் பயணக் குறிப்பில், எழுதி வைக்கும். ஜிமெயிலில் மூன்று புள்ளியை அழுத்தி `Show original`, அவுட்லுக் இணையப் பதிப்பில் `View message source`, தண்டர்பேர்டில் `Ctrl+U` என்று போனால் முழு ஹெடரும் தெரியும். தம்பியின் மெயிலில் இருந்தது இது. முகவரிகளை மட்டும் மாற்றியிருக்கிறேன்:

```
Authentication-Results: mx.example.com;
  spf=softfail smtp.mailfrom=user@example.com;
  dkim=none;
  dmarc=fail (p=NONE) header.from=example.com
Received: from unknown ([203.0.113.45]) by mx.example.com
From: <user@example.com>
To: <user@example.com>
```

கீழிருந்து படிப்போம். `From` வரியும் `To` வரியும் ஒன்றேதான், இரண்டிலும் தம்பியின் முகவரி. அதற்கு மேலே `Received` வரி, இந்த மெயிலை ஒப்படைத்த கணினியின் எண்ணைச் சொல்கிறது. அது அவனுடைய மெயில் நிறுவனத்தின் சர்வர் அல்ல, முன்பின் தெரியாத ஏதோ ஒரு கணினி. `spf=softfail` என்றால், இந்த டொமைன் பெயரில், அதாவது முகவரியில் `@` குறிக்குப் பின்னால் வரும் பெயரில், மெயில் அனுப்ப அந்தக் கணினிக்கு அனுமதி தரப்படவில்லை என்று பொருள். `dkim=none` என்றால் டொமைனின் கையொப்பமே இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லும் தீர்ப்புதான் `dmarc`; இரண்டும் தவறியதால் `dmarc=fail`. சுருக்கமாக, இந்த மெயில் அவன் கணக்கிலிருந்து கிளம்பவே இல்லை. வெளியே எங்கோ கிளம்பி, அவன் பெயரை உறையில் எழுதிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறது.

இங்கே இரண்டு இடத்தில் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஒன்று, `spf=pass` என்று இருந்தால் உடனே பயந்துவிடுவது. அதன் பக்கத்தில் `smtp.mailfrom` எந்த டொமைனைச் சொல்கிறது என்று பாருங்கள். மிரட்டல்காரன் தனக்குச் சொந்தமான வேறொரு டொமைனை அங்கே வைத்திருந்தால் அந்தச் சோதனை அவனுடைய டொமைனுக்குத்தான் வென்றிருக்கிறது, உங்களுடையதற்கு அல்ல. உங்கள் டொமைனுக்கான தீர்ப்பு `dmarc` என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு, ஹெடரில் `Authentication-Results` இரண்டு மூன்று இருந்தால் கீழே இருப்பதை நம்புவது. உங்கள் சர்வர் எழுதியதுதான் செல்லும். அது பெரும்பாலும் மேலே இருக்கும், சர்வரின் பெயரும் அதில் இருக்கும். கீழே உள்ளவற்றை அனுப்பியவனே எழுதி வைத்திருக்கலாம்.

இத்தனையும் தவறிய மெயில் ஏன் உள்ளே வந்தது என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. அவனுடையது அவன் வேலை செய்யும் சிறு நிறுவனத்தின் சொந்த டொமைன். போலி மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று அந்த டொமைன் இணையத்தில் வெளியிட்டிருக்கும் பதிவை இந்தக் கட்டளையால் பார்த்தோம்:

```
dig +short TXT _dmarc.example.com
"v=DMARC1; p=none"
```

`p=none` என்றால், "என் பெயரில் போலி மெயில் வந்தாலும் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று டொமைன்காரரே எழுதி வைத்தது போல. டொமைன் உங்கள் பொறுப்பில் இருந்தால் அதை, போலியை ஸ்பேமுக்குத் தள்ளச் சொல்லும் `p=quarantine` என்று மாற்றி, உங்கள் உண்மையான மெயில்கள் எதுவும் ஸ்பேமில் விழவில்லை என்று சில வாரம் கவனித்துவிட்டு, போலியை வாசலிலேயே மறுக்கச் சொல்லும் `p=reject` வரை கொண்டு போகலாம். அவசரப்பட்டு ஒரே நாளில் மாற்றினால் பில் அனுப்பும் மென்பொருள், செய்திமடல் சேவை என்று வெளியிலிருந்து உங்கள் பெயரில் நியாயமாகப் போகும் மெயிலும் நின்றுவிடும்.

ஒருவேளை `dmarc=pass` என்று உங்கள் டொமைனுக்கே இருந்து, `Sent` பெட்டியிலும் அந்த மெயில் கிடந்தால் கணக்குக்குள் யாரோ நுழைந்திருக்கிறார்கள். அப்போது பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றி, அமைப்புகளில் உங்களுக்குத் தெரியாத ஃபார்வர்டு முகவரியோ ஃபில்டரோ இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பாஸ்வேர்டு மாறிய பிறகும் மெயில்களின் நகல் வெளியே போய்க்கொண்டிருப்பது அந்த வழியாகத்தான். அப்படியே நுழைந்திருந்தாலும், மெயில் பெட்டிக்குள் நுழைந்தவன் கேமராவுக்குள்ளும் நுழைந்தான் என்று ஆகிவிடாது.

அறிகுறி: போன் எண், வீட்டு முகவரி, வீட்டின் படம்கூட இருக்கிறது

போன் எண்ணும் முகவரியும் வருவதும் அதே கசிவுப் பட்டியல்களிலிருந்துதான். பொருள் வாங்கும் தளங்களில் இரண்டையும் கொடுத்திருப்போம். 2024-லிருந்து வீட்டின் படத்தையும் சேர்த்து அனுப்புகிறார்கள். படத்தை நன்றாகப் பாருங்கள். தெருவிலிருந்து, கொஞ்சம் உயரத்திலிருந்து, பகல் வெளிச்சத்தில் எடுத்ததாக இருக்கும். இணைய வரைபடத்தின் தெருக்காட்சியில் உங்கள் முகவரியைத் தேடுங்கள். பெரும்பாலும் அதே படம், அதே கோணம். இப்போது இல்லாத மரமோ பழைய பெயிண்டோ அதில் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். யாரும் வாசலில் வந்து நின்று எடுத்ததல்ல.

அறிகுறி: "நீ படித்தது எனக்குத் தெரியும், கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது"

மெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படத்துளி வைத்திருப்பதாகச் சொல்வான். அப்படி ஒரு நுட்பம் உண்டு, விளம்பர மெயில்களில் இருக்கும். ஆனால் அது வேலை செய்ய வேண்டுமானால் மெயிலில் வெளியிலிருந்து இறங்கும் படம் ஒன்று இருக்க வேண்டும். ஹெடர் பார்த்த அதே பக்கத்தில் `<img` என்று தேடுங்கள். நான் திறந்து பார்த்த மிரட்டல் மெயில்கள் பலவற்றில் வெறும் எழுத்து மட்டும்தான், துளியும் இல்லை, கடிகாரமும் இல்லை. மெயிலின் உள்ளடக்கம் அங்கே படிக்க முடியாத குறியீட்டு எழுத்துகளாகத் தெரிந்தால் இந்தத் தேடல் பிடிக்காது. அப்போது மெயில் செயலியில் வெளிப் படங்களைத் தடுத்துவிட்டால் போதும்.

அறிகுறி: "ஆதாரம் இணைப்பில் இருக்கிறது, திறந்து பார்"

திறக்காதீர்கள். இந்த வகையில் உண்மையான கேடு செய்யக்கூடியது இது ஒன்றுதான். 2018 டிசம்பரில் சுற்றிய மெயில்களில் வீடியோவைப் பார்க்கச் சொல்லி ஒரு லிங்க் இருந்தது. அதை இறக்கித் திறந்தவர்களின் கணினியில் அசோரல்ட் என்ற திருட்டு நிரல் ஏறி பாஸ்வேர்டுகளை அள்ளியது. பின்னாலேயே கேண்ட்கிராப் என்ற இன்னொரு நிரல் வந்து கோப்புகளைப் பூட்டியது. பொய்யாக மிரட்டியவன், ஆதாரம் பார்க்கும் ஆசையைத் தூண்டி உண்மையாகவே உள்ளே வந்துவிட்டான். ஏற்கெனவே திறந்துவிட்டீர்கள் என்றால் கணினியை இணையத்திலிருந்து பிரித்து, வைரஸ் சோதனை ஓட்டி, பாஸ்வேர்டுகளை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள்.

பணம் கேட்கும் பிட்காயின் முகவரியைச் சோதிப்பது

`1`, `3` அல்லது `bc1` என்று தொடங்கும் நீளமான எழுத்துக்கோவை அது. பிட்காயினில் எல்லாப் பரிமாற்றமும் பொதுப் பேரேட்டில் இருப்பதால், பிளாக்செயின் பார்க்கும் எந்தத் தளத்திலும் அந்த முகவரியை ஒட்டிப் பார்க்கலாம். மெயிலின் ஒரு வரியையும் முகவரியையும் தேடுபொறியில் போட்டுப் பாருங்கள். தம்பிக்கு வந்த முகவரியைத் தேடியபோது, அதே முகவரி, அதே தொகை, அதே வாசகத்தோடு மெயில் வந்ததாக வேறு பலரும் புகார் எழுதியிருந்தார்கள். இதிலிருந்து ஒரு விஷயம் வெளிப்படுகிறது. எல்லோருக்கும் ஒரே முகவரி, ஒரே தொகை என்றால் பணம் போட்டது யார் என்று அவனுக்கே தெரிய வழியில்லை. "பணம் வந்ததும் உன் வீடியோவை அழித்துவிடுவேன்" என்பதை அவனால் செய்யவே முடியாது. ஒவ்வொருவருக்கும் தனி முகவரி தருகிறவர்களும் உண்டு. தேடலில் ஒன்றும் வராவிட்டால் அதனால் மிரட்டல் நிஜமாகிவிடாது.

இத்தனை பேருக்கு அனுப்பி என்ன லாபம் என்று தோன்றலாம். ஃபோர்பீக்ஸ் என்ற பாட்நெட்டை 2019-ல் செக் பாயின்ட் நிறுவனம் ஆராய்ந்தது. பயனர்களுக்குத் தெரியாமல் பிடித்து வைத்த கணினிகளிலிருந்து மணிக்கு 30,000 மெயில் வரை அது அனுப்பியது. ஐந்து மாதத்தில் 14 பிட்காயினுக்கு மேல் சேர்ந்தது. லட்சக்கணக்கானவர்களில் மிகச் சிலர் பயந்தாலே அவனுக்குப் போதும். மணிக்கு 30,000 பேரை மிரட்டுகிறவன் ஒருவரையும் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டான்.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டால் அதைத் திரும்ப இழுக்க முடியாது. பிட்காயின் வாங்கி விற்கும் எந்த எக்ஸ்சேஞ்ச் வழியாக அனுப்பினீர்களோ அங்கே உடனே சொல்லுங்கள், சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள், மறுபடி கேட்டால் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: உண்மையிலேயே என் படம் வந்திருக்கிறது

இது வேறு விஷயம், மேலே சொன்ன ஆறுதல் எதுவும் இதற்குப் பொருந்தாது. பெரும்பாலும் வீடியோ அழைப்பில் பழகிய ஒருவர் பதிவு செய்தது, அல்லது நீங்களே எப்போதோ அனுப்பியது இப்படித் திரும்பி வரும். இங்கேயும் பணம் கொடுப்பது வேலைக்கு ஆகாது. கொடுத்தவரிடம்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். உரையாடலை அழிக்காமல் படமெடுத்து வைத்துக்கொண்டு, அந்த ஆளைத் தடை செய்து, போலீசுக்குப் போங்கள். 18 வயது நிறைந்தவர்கள் `StopNCII.org` தளத்தைப் பயன்படுத்தலாம். உங்கள் படம் உங்கள் சாதனத்தை விட்டு வெளியே போகாது; அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் போய், அதில் சேர்ந்திருக்கும் சமூக வலைத்தளங்கள் அதே படம் ஏறினால் அடையாளம் கண்டு நீக்க உதவும். படம் எடுக்கப்பட்டபோது 18 வயதுக்குக் கீழே என்றால் அதே வேலையை `Take It Down` என்ற சேவை செய்கிறது. பிள்ளைகள் யாராவது இப்படி மாட்டிக்கொண்டு உங்களிடம் வந்தால், திட்டுவதைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் பக்கத்தில் உட்காருங்கள்.

தம்பி அன்று பணம் அனுப்பவில்லை. பாஸ்வேர்டை மாற்றி, மெயிலை ஸ்பேம் என்று குறித்துவிட்டு, ஒரு மணிக்குத் தூங்கப் போனான். 48 மணி நேரம் கழிந்தது, யாருக்கும் எதுவும் வரவில்லை. மூன்று வாரம் கழித்து அதே பழைய பாஸ்வேர்டோடு இன்னொரு மெயில், இந்த முறை 900 டாலர். அவன் எனக்குப் போன் செய்யவில்லை. ஹெடரைத் திறந்து, `dmarc=fail` என்ற இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு ஒரு படம் மட்டும் அனுப்பியிருந்தான்.